ஏபிஏஆரில் மதிப்பெண் குறைந்தால் முறையீடு எழுதுவது எப்படி: மத்திய அரசு ஊழியருக்கான முழுமையான வழிகாட்டி

மத்திய அரசு அலுவலகங்களில் இன்னும் பலரும் 'சி.ஆர்.' என்றே சொல்லும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, 2008-09 முதல் ஏபிஏஆர் என்ற பெயரில் ஊழியரின் கைக்கே வருகிறது. அதற்கு முன்பு பாதகமான குறிப்பு இருந்தால்தான் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். 'நன்று' என்று எழுதியிருந்தால் அது பாதகம் இல்லை என்பது அலுவலகக் கணக்கு. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற பொறியாளருக்கு 1993-94-இல் கிடைத்த 'நன்று' அப்படித்தான் அவருக்குத் தெரியாமலேயே இருந்தது. பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டும் 'மிக நன்று' வேண்டும் என்ற விதி வந்தபோது அந்த ஒரு 'நன்று' அவரை வெளியே நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் அந்த வழக்கில், எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது.

பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 14.05.2009 தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணையில் இதற்கான நடைமுறையை வகுத்தது. முறையீடு எழுத உட்காரும் முன் அந்தக் குறிப்பாணையை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். கடிதத்தின் வடிவத்தையே தீர்மானிக்கும் ஒரு வரி அதில் இருக்கிறது: முறையீடு, அறிக்கையில் உள்ள குறிப்பிட்ட உண்மை சார்ந்த கூற்றுகளுக்குள் மட்டுமே நிற்க வேண்டும். உங்களுக்கு நேர்ந்த அநியாயம், மேலதிகாரியின் குணம், இருபது வருட உழைப்பு ஆகியவை எல்லாம் அந்த வரிக்கு வெளியே போய்விடும். அறிக்கை என்ன சொல்கிறது, பதிவேடு என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்பது மட்டுமே உள்ளே வரும்.

மாநில அரசுக்கும் பொதுத்துறை வங்கிகளுக்கும் விதிகள் வேறு, கெடுவும் வேறு. வாதம் கட்டும் முறை பெரும்பாலும் பொருந்தும். தேதிகளை மட்டும் உங்கள் நிறுவன விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: தேதி, வாசகம், கணக்கு

அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 15 நாள். அதற்குள் முறையீடு போகாவிட்டால் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று கருதி அறிக்கையை இறுதியாக்கிவிடுவார்கள். அறிக்கையில் அலுவலர் கையெழுத்திட்ட தேதியிலிருந்தோ அதோடு உங்களுக்கு வரும் குறிப்பாணையின் தேதியிலிருந்தோ எண்ணாதீர்கள். உங்கள் கைக்கு வந்த தேதிதான் கணக்கு. காகிதமாக வந்தால் பெற்றுக்கொண்ட தேதியை உங்கள் கையெழுத்தின் கீழ் எழுதுங்கள். ஸ்பாரோ என்ற இணைய அமைப்பின் வழியாக வந்தால் அன்றே திரையின் படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்பது வேறு, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பது வேறு. திரையில் எதை அழுத்துகிறோம் என்று வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

அடுத்தது கணக்கு. இதைப் பலர் செய்வதே இல்லை. அறிக்கையில் மூன்று பகுதிகளுக்கு மதிப்பெண் உண்டு. பணி வெளிப்பாட்டுக்கு 40 விழுக்காடு எடை, தனிப் பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள இனங்களின் சராசரியை அந்த எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்த மதிப்பெண். 8 முதல் 10 வரை 'மிகச் சிறப்பு', 6 முதல் 8-க்குக் கீழ் வரை 'மிக நன்று', 4 முதல் 6-க்குக் கீழ் வரை 'நன்று'. நான்குக்குக் கீழே போனால் பதவி உயர்வுக் கணக்கில் அது பூஜ்யம்.

எம்ஏசிபி திட்டத்தில் 10, 20, 30 ஆண்டுகளில் வரும் ஊதிய உயர்வுக்கு 2016-லிருந்து எல்லா நிலைக்கும் 'மிக நன்று' தேவை. ஆகவே பெரும்பாலானவர்களுக்குச் சண்டை நடக்கும் இடம் ஆறு என்ற எண்தான். 5.9 வாங்கியவருக்கும் 4.1 வாங்கியவருக்கும் முடிவு ஒன்றே. ஆனால் முறையீட்டின் பலம் ஒன்றல்ல.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்வோம். நிர்வாகப் பிரிவில் ஓர் உதவிப் பிரிவு அலுவலர், 2023-24 அறிக்கை, கைக்கு வந்தது 2024 செப்டம்பர் 2. பணி வெளிப்பாட்டில் நான்கு இனங்கள்: ஒதுக்கிய பணியை முடித்தல் 4, தரம் 6, பகுத்தாயும் திறன் 6, எதிர்பாராத அல்லது கூடுதல் பணி 5. சராசரி 5.25. தனிப் பண்புகள் சராசரி 6.0. பணித்திறன் 5.6. மொத்தம் 2.10 + 1.80 + 1.68, அதாவது 5.58. 'நன்று'.

அலுவலர் எழுதிய வாசகம் இது: "கோப்புகளை முடிப்பதில் தொடர்ந்து தாமதம் காட்டினார். அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருந்தது. கூடுதல் பணிகளை ஏற்பதில் ஆர்வம் குறைவு. சக ஊழியர்களுடன் பழகுவதில் முன்னேற்றம் தேவை."

கூட்டல் சரியா என்று முதலில் பாருங்கள். கையால் எழுதும் அறிக்கைகளில் பிழை வருவதுண்டு. அது இருந்தால் முறையீடே இரண்டு பத்தியில் முடிந்துவிடும். இங்கே கூட்டல் சரிதான். அடுத்து, எந்த இனம் திருந்தினால் ஆறைத் தொடும் என்று போட்டுப் பார்க்க வேண்டும். 'தாமதம்' என்ற குறையைத் தகர்த்து முதல் இனம் 4-லிருந்து 7 ஆனால் சராசரி 6.0, மொத்தம் 5.88. போதாது. கூடவே கூடுதல் பணிக்கான 5, 6 ஆனாலும் 5.98-தான். இரண்டும் 7 ஆனால்தான் 6.08.

இந்தக் கணக்கைப் போடாதவர் தாமதத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி, வாதத்தில் ஜெயித்து, 5.88-இல் நிற்பார். நம் மாதிரி ஊழியர் தொட வேண்டியவை இரண்டு கூற்றுகள்: தாமதம், கூடுதல் பணி. நினைவூட்டல் பற்றிய வரி தாமதத்தோடு சேர்ந்தது. சக ஊழியர் பற்றிய கடைசி வரியைத் தொடாமல் விடலாமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

சான்று தேடும் இடம்: முதலில் அறிக்கைக்குள்ளேயே

எல்லோரும் சான்று என்றதும் பீரோவைத் திறக்கிறார்கள். மிக வலுவான சான்று பெரும்பாலும் அறிக்கைக்குள்ளேயே இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்த சுயமதிப்பீடு அதில் ஒரு பகுதி. அதன் பிறகு, உங்களை முதலில் மதிப்பிட்டு எழுதும் அறிக்கை அலுவலரிடம் படிவம் ஒரு கேள்வி கேட்கிறது: ஊழியர் எழுதியவற்றோடு உடன்படுகிறீர்களா, இல்லையென்றால் எந்த அளவு, ஏன்? அவசரத்தில் பல அலுவலர்கள் 'உடன்படுகிறேன்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு, கீழே போய்க் குறை சொல்வார்கள்.

நம் வழக்கில் சுயமதிப்பீடு இப்படி: ஆண்டில் வந்த கோப்புகள் 412, முடித்தவை 389. அலுவலர் 'உடன்படுகிறேன்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் 'தொடர்ந்து தாமதம்'. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் முறையீட்டின் முதல் வாதம். அலுவலர் பொய் சொன்னார் என்று நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. அவருடைய சொல்லையே சான்றாக ஏற்றுக்கொள்கிறீர்கள். இதைவிட மரியாதையான மறுப்பு வேறு கிடையாது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சுயமதிப்பீட்டில் 'எல்லாப் பணிகளும் உரிய நேரத்தில் செய்து முடிக்கப்பட்டன' என்று மட்டும் எழுதியவருக்கு அங்கே பிடித்து நிற்க எதுவும் இல்லை. எண் இருந்தால்தான் முரண்பாடு தெரியும்.

மதிப்பெண்ணும் வாசகமும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். 1 அல்லது 2 போட்டால் குறிப்பிட்ட தவறுகளைச் சொல்லி நியாயப்படுத்த வேண்டும் என்று படிவத்தின் வழிகாட்டுதலே கேட்கிறது. அறிக்கை அலுவலர் உங்கள் வேலையைக் குறைந்தது மூன்று மாதமாவது பார்த்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆண்டு நடுவில் அலுவலர் மாறியிருந்தால் அவர் சேர்ந்த தேதியை எண்ணிப் பாருங்கள். இந்த மாதிரிக் குறை இருந்தால் அதுவே முதல் பத்தி ஆக வேண்டும்.

அடுத்து: தேதி இட்ட, பிறர் கையெழுத்திட்ட ஆவணங்கள்

நீங்களே தயாரித்த பட்டியலைவிட, அலுவலர் கையெழுத்திட்ட காகிதம் நூறு மடங்கு மேல். மாதாந்திர நிலுவை அறிக்கை, இ-ஆபீஸ் கோப்பு நகர்வு விவரம், பணி ஒதுக்கீட்டு ஆணை, விடுப்பு ஆணை, கூடுதல் பொறுப்பு ஆணை, பாராட்டுக் குறிப்பு. இவற்றில் உங்கள் வழக்குக்கு எது நேரடியாகப் பேசுகிறதோ அதை மட்டும் எடுங்கள். நான்கு, ஐந்து இணைப்புகள் போதும். நாற்பது பக்கம் இணைத்தால் முடிவெடுப்பவர் எதையும் புரட்டமாட்டார்.

நம் ஊழியருக்குக் கிடைத்தவை இவை.

நிலுவை அறிக்கையில், முப்பது நாளுக்கு மேல் அவரிடம் நின்ற கோப்புகள் பன்னிரண்டு மாதத்தில் எட்டு மாதம் பூஜ்யம். அக்டோபரில் 5, நவம்பரில் 7, டிசம்பரில் 4, ஜனவரியில் 2. பன்னிரண்டு அறிக்கையிலும் கையெழுத்து அதே அறிக்கை அலுவலருடையது.

25.09.2023 தேதியிட்ட அலுவலக ஆணையின்படி ஓய்வூதிய இருக்கையின் கூடுதல் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்த இருக்கைக்காரர் மருத்துவ விடுப்பில் போனதால் 12.01.2024 வரை அவர்தான் பார்த்தார். அந்தக் காலத்தில் ஓய்வூதியக் கோப்புகள் 71 முடிந்தன. இந்த ஓர் ஆணை இரண்டு வேலை செய்கிறது. தாமதம் எந்த நான்கு மாதத்தில், ஏன் என்று சொல்கிறது. 'கூடுதல் பணியில் ஆர்வம் குறைவு' என்ற கூற்றுக்கும் அதுவே பதில். ஒரே ஆவணம் இரண்டு கூற்றுக்குப் பேசினால் கடிதம் தானாகச் சுருங்கும்.

ஆண்டு முடிவில் நின்ற 23 கோப்புகளையும் அவர் பிரித்துப் பார்த்தார். 14 கோப்புகள் மார்ச் 18-க்குப் பிறகு வந்தவை. 6 கோப்புகள் வேறு பிரிவின் பதிலுக்குக் காத்திருந்தவை. மீதி 3 அவர் மேசையிலேயே இருபது நாளுக்கு மேல் கிடந்தவை. அந்த மூன்றுக்குச் சாக்கு இல்லை.

இந்த மூன்றைக் கடிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பலரும் இதற்குத் தயங்குவார்கள். ஆனால் முறையீடு போனதும் முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் அறிக்கை அலுவலரிடம் கருத்துக் கேட்பார். அவர் அந்த மூன்று கோப்பின் எண்ணை எடுத்துப் போட்டால், நீங்கள் சொன்ன மற்ற 409-உம் சந்தேகத்துக்கு உள்ளாகும். நீங்களே சொல்லிவிட்டால் அவருக்குப் போட ஒன்றும் இராது. 'தொடர்ந்து' என்ற சொல்லும் 412-இல் 3 என்ற கணக்கின் முன் நிற்காது.

ஆவணம் கையில் இல்லையென்றால் உடனே எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் பதிலுக்கு 30 நாள் வரை ஆகும், உங்களுக்கு இருப்பதோ 15. நகல் கிடைக்காத கோப்புக்கு எண்ணையும் தேதியையும் கடிதத்தில் எழுதினால் போதும், அதிகாரி வரவழைத்துப் பார்க்க முடியும். இரகசிய அல்லது பிறரின் சொந்த விவரம் உள்ள கோப்புப் பக்கங்களை நகலெடுத்து இணைப்பது புதிய வம்பு. அங்கேயும் எண் மட்டும் போதும்.

எதை விட்டுவிடுவது

'சக ஊழியர்களுடன் பழகுவதில் முன்னேற்றம் தேவை' என்பது கருத்து. பதிவேட்டால் மறுக்க முடியாது. ஆறு சக ஊழியர்களிடம் நற்சான்று வாங்கி இணைப்பவர்கள் உண்டு. அது அலுவலகத்தில் கையெழுத்து வேட்டை நடத்தியதாகத்தான் தெரியும். சம்பவம் எதையும் குறிப்பிடாத, மதிப்பெண்ணையும் பெரிதாகக் குறைக்காத கருத்தை அப்படியே விடுங்கள். அந்த வரியை மறுக்காமல் விட்டதே மற்ற மறுப்புகளுக்கு எடை தரும். அதே வரியில் ஒரு சம்பவமும் தேதியும் இருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

உள்நோக்கம் பற்றி எழுதாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், ஒரு வரியில் சொல்லி நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு அது. எழுதிய கணத்திலேயே படிப்பவரின் கவனம் கோப்புகளை விட்டு உங்கள் இருவரின் உறவுக்குப் போய்விடும். சக ஊழியரோடு ஒப்பிட்டு 'என்னைவிடக் குறைவாகச் செய்தவருக்கு எட்டு' என்பதும் வேண்டாம். அவர் அறிக்கையை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்ற கேள்வி முதலில் வரும்.

எம்.பி., எம்.எல்.ஏ. சிபாரிசு எந்த வடிவிலும் கூடாது. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் 1964-இன் 20-ஆம் விதி வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மதிப்பெண்ணைக் கேட்கப் போய் ஒழுங்கு நடவடிக்கையை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

முந்தைய ஆண்டு மதிப்பெண்கள் பற்றி இரண்டு கருத்து உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தனித்தனி என்பதால் அவை நேரடிச் சான்று அல்ல. ஆனால் 7.2, 7.1 என்று வந்தவருக்குத் திடீரென 5.58 என்றால், ஆண்டுக்குள் ஓர் எச்சரிக்கையாவது இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழும். சறுக்கலுக்குக் காரணம் பதிவாக வேண்டும் என்று உ.பி. ஜல் நிகம் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கடைசியில் ஒரு வரியாக வைக்கலாம்.

வாக்கியத்தின் தொனி

மரியாதை என்பது 'தங்கள் பொன்னான பாதங்களில்' என்று எழுதுவதல்ல. எழுவாயை மாற்றுவதிலேயே பாதி மரியாதை வந்துவிடும். 'அலுவலர் தவறாக எழுதியுள்ளார்' என்பதில் எழுவாய் ஓர் ஆள். 'மாதாந்திர நிலுவை அறிக்கை வேறு நிலையைக் காட்டுகிறது' என்பதில் எழுவாய் ஒரு காகிதம். சொல்லும் பொருள் ஒன்றே. இரண்டாவதைப் படிக்கும் அறிக்கை அலுவலரால் தன் கருத்துரையில் கோபப்பட முடியாது.

'இது முற்றிலும் பொய்' என்று வரும் இடத்தில் 'இக்கூற்றுக்கு அடிப்படையான நிகழ்வு அறிக்கையில் குறிப்பிடப்படவில்லை' என்று எழுதலாம். 'எனக்கு யாரும் நினைவூட்டவே இல்லை' என்று அடித்துச் சொல்லாதீர்கள். வாய்மொழியாக நாலு தடவை கேட்டிருப்பார். 'எழுத்து மூலமான நினைவூட்டல் எதுவும் எனக்குக் கிடைத்ததாகப் பதிவில்லை' என்பதுதான் காக்கக்கூடிய வாக்கியம். அதை எழுதும் முன்பும் இ-ஆபீஸ் குறிப்புகளையும் அலுவலக வாட்ஸ்அப் குழுவையும் தேடிப் பாருங்கள். 'அந்த ஃபைல் என்னாச்சு?' என்று ஒரு வரி அங்கே இருந்தால் இந்த வாதத்தையே எடுத்துவிடுங்கள்.

சிவப்பு மையும் கொட்டை எழுத்தும் அடிக்கோடும் வேண்டாம். தீர்ப்பு மேற்கோள் ஒன்றுக்கு மேல் தேவையில்லை. அதிகாரி உங்களுக்கு முறையிட உரிமை உண்டா என்று கேட்கவில்லை, அதைக் குறிப்பாணையே கொடுத்துவிட்டது.

கடிதம்

முடிவெடுக்கும் அதிகாரி யார் என்பதை உங்களுக்கு வந்த குறிப்பாணையில் பாருங்கள். இல்லையென்றால் ஏபிஏஆர் பிரிவில் கேளுங்கள். பொதுவாக அறிக்கையை இறுதியாகப் பார்த்தவருக்கு ஒரு படி மேல் இருப்பவர். அறிக்கை அலுவலருக்கே முகவரியிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடிதம் உரிய வழியாகத்தான் போகும், ஆனால் முகவரி மேலே உள்ளவருக்கு. நடைமுறையில் கடிதத்தை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். வாதம் எப்படி அடுக்கப்படுகிறது என்று தெரிவதற்காகத் தமிழில் தருகிறோம். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

> பொருள்: 2023-24 ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை – பதிவுகளுக்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் எதிரான முறையீடு.
>
> பார்வை: 02.09.2024 அன்று பெறப்பட்ட குறிப்பாணை. பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் 14.05.2009 தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணை.
>
> ஐயா,
>
> 1. மேற்கண்ட அறிக்கையில் எனக்கு 5.58 மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. அதில் உள்ள இரண்டு கூற்றுகள் குறித்துப் பதிவேடுகளின் அடிப்படையில் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பரிசீலனைக்குப் பணிவுடன் வைக்கிறேன். முறையீடு உரிய 15 நாள்களுக்குள் அளிக்கப்படுகிறது.
>
> 2. "கோப்புகளை முடிப்பதில் தொடர்ந்து தாமதம், அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருந்தது":
>
> அ) ஆண்டில் பெற்ற 412 கோப்புகளில் 389 முடிக்கப்பட்டதாக என் சுயமதிப்பீட்டில் தெரிவித்துள்ளேன். அறிக்கை அலுவலர் அதனுடன் உடன்பட்டுள்ளார்.
>
> ஆ) பிரிவின் மாதாந்திர நிலுவை அறிக்கைகளின்படி (இணைப்பு 1) முப்பது நாளுக்கு மேற்பட்ட நிலுவை எட்டு மாதங்களில் இல்லை. அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான நான்கு மாதங்களில் முறையே 5, 7, 4, 2 கோப்புகள் இருந்தன. 25.09.2023 ஆணையின்படி (இணைப்பு 2) ஓய்வூதிய இருக்கையின் கூடுதல் பொறுப்பை நான் வகித்த காலம் அது.
>
> இ) 31.03.2024 அன்று நிலுவையில் இருந்த 23 கோப்புகளில் 14, மார்ச் 18-க்குப் பின் பெறப்பட்டவை. 6, பிற பிரிவுகளின் பதிலுக்குக் காத்திருந்தவை (இணைப்பு 3). எஞ்சிய 3 கோப்புகளை நான் இன்னும் விரைவாக முடித்திருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன்.
>
> ஈ) எழுத்து மூலமான நினைவூட்டலோ குறிப்பாணையோ ஆண்டில் எனக்கு வழங்கப்பட்டதாகப் பதிவில்லை. இருப்பின், நகல் அளித்து விளக்கமளிக்க வாய்ப்புத் தருமாறு வேண்டுகிறேன்.
>
> 3. "கூடுதல் பணிகளை ஏற்பதில் ஆர்வம் குறைவு":
>
> மேற்படி ஆணையின்படி 25.09.2023 முதல் 12.01.2024 வரை என் சொந்த இருக்கையுடன் ஓய்வூதிய இருக்கையையும் கவனித்தேன். அக்காலத்தில் 71 ஓய்வூதியக் கோப்புகள் முடிக்கப்பட்டன (இணைப்பு 4). நான் மறுத்த பணி எதுவும் அறிக்கையில் குறிப்பிடப்படவில்லை.
>
> 4. முந்தைய இரு ஆண்டுகளில் என் மதிப்பெண்கள் முறையே 7.2, 7.1.
>
> 5. ஆகவே, பணி வெளிப்பாட்டின் கீழ் 'ஒதுக்கிய பணியை முடித்தல்', 'கூடுதல் பணி' ஆகிய இரு இனங்களுக்கான மதிப்பெண்களை மேற்கண்ட பதிவேடுகளின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்து, இறுதி மதிப்பெண்ணை அதற்கேற்ப மாற்றியமைக்குமாறும், மேற்கோள் காட்டிய இரு கூற்றுகளையும் நீக்கவோ திருத்தவோ ஆணையிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.
>
> 6. அறிக்கை அலுவலரின் கீழ் பணியாற்றியதில் எனக்குக் கிடைத்த வழிகாட்டுதலை மதிக்கிறேன். இம்முறையீடு பதிவேடுகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரும் நோக்கம் மட்டுமே கொண்டது.

கடைசிப் பத்தியை மனமார எழுத முடியாதென்றால் விட்டுவிடுங்கள். ஒப்புக்கு எழுதியது படிப்பவருக்குத் தெரிந்துவிடும், முதல் வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு எழுதினாலும் போதும்.

ஐந்தாம் பத்தியில் 'எட்டு கொடுங்கள்' என்று எண் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த இனம் என்று கேட்டிருக்கிறது. எண் கேட்டால் பேரம் போலத் தெரியும். 'அறிக்கையை மறுபரிசீலனை செய்க' என்று பொதுவாகக் கேட்டால், அதிகாரி வாசகத்தை மட்டும் மென்மையாக்கிவிட்டு மதிப்பெண்ணைத் தொடாமல் விட வழியுண்டு. வாசகம், இனம், இறுதி மதிப்பெண் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கொடுத்த பிறகு

கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். நம் வழக்கில் கெடு செப்டம்பர் 17. 12-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட்டால் இணைப்பு விட்டுப்போனாலும் சேர்க்க நேரம் இருக்கும். காகிதமாகக் கொடுத்தால் நகலில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அறிக்கை அலுவலருக்கு இது ஆச்சரியமாக இருக்க வேண்டாம். கொடுக்கும் முன் நேரில் போய், 'சார், இந்த இரண்டு பாயிண்ட்டுக்கு மட்டும் ரெப்ரசென்டேஷன் கொடுக்கிறேன், ரெக்கார்டு இதுதான்' என்று சொல்வது நல்லது. சிலர் அங்கேயே, அந்தக் கூடுதல் பொறுப்பை மறந்துவிட்டதாகச் சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னவர் தன் கருத்துரையிலும் அதை மறுக்கமாட்டார்.

அதிகாரி முறையீடு கிடைத்த 30 நாளுக்குள், முன்னால் வைக்கப்பட்ட ஆதாரங்களின் அடிப்படையில் நடுநிலையாக முடிவெடுக்க வேண்டும். தேவைப்பட்டால் அறிக்கை அலுவலரையும் மறுஆய்வு அலுவலரையும் கலந்துகொள்ளலாம். முடிவு ஏபிஏஆர் பிரிவுக்கு வந்த 15 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். முழு நடைமுறையும் நவம்பர் 30-க்குள் முடிய வேண்டும் என்பது 2009-இல் வகுத்த கால அட்டவணை. நடைமுறையில் தாமதமாகும். ஆனால் அந்தத் தேதி தாண்டியதும் ஒரு பக்க நினைவூட்டல் அனுப்ப உங்களுக்கு முழு அடிப்படை இருக்கிறது.

பதில் 'பரிசீலிக்கப்பட்டது, மாற்றத் தேவையில்லை' என்று ஒரே வரியில் வந்தால், உங்கள் 2(அ), 2(ஆ), 3 ஆகிய பத்திகளுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் குறையே மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் உங்கள் முதல் வாதம். அங்கே மதிப்பெண்ணைக் கூட்டித் தருவார்கள் என்று போகாதீர்கள். பெரும்பாலும் காரணத்தோடு புதிதாக முடிவெடுக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த முறை அதிகாரி முன் இருக்கப்போவது நீங்கள் முதலில் எழுதிய அதே இரண்டு பக்கம்தான். நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் 1985-இன்படி, துறைக்குள் உள்ள வழிகளை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆணை வந்தால் அதன் தேதியிலிருந்து ஓராண்டு கெடு. ஆணையே வராவிட்டால், முறையீடு கொடுத்து ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. திரும்பத் திரும்ப நினைவூட்டல் அனுப்பினால் அந்தக் கெடு நீளாது.